மூடியில் எழுதிய தேதி

புதிதாக வாங்கிய சத்துப் பவுடர் டப்பாவைத் திறக்கும் அன்று, மூடியின் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதி வைக்க வேண்டும். டப்பா காலியாகும் நாளில் காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ணினால் போதும். குழந்தைக்குத் தினமும் எவ்வளவு பவுடர் போகிறது என்று தெரிந்துவிடும். இதற்குத் தராசும் வேண்டாம், அளவுக் கரண்டியும் வேண்டாம்.

அரைக்கிலோ டப்பா என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் ஒரு வேளைக்கு 20 கிராம் என்று போட்டிருக்கிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் என்றால் நாளுக்கு 40 கிராம். ஒரே குழந்தை குடிக்கிற வீட்டில் அந்த டப்பா பன்னிரண்டரை நாள் வர வேண்டும். அது பத்தே நாளில் காலியாகிறது என்றால், குழந்தை தினமும் 50 கிராம் சாப்பிடுகிறது. காரணம் எளிது. லேபிள் சொல்கிற ஸ்பூன் தலை தட்டிய ஸ்பூன். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்பூன் வேறு அளவு, அதிலும் கோபுரமாக அள்ளித்தான் நமக்குப் பழக்கம். ‘இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் பால் கலர் வருது’ என்று பாட்டி ஒரு அரை ஸ்பூன் சேர்ப்பார். அந்த அரை ஸ்பூன் எந்த லேபிளிலும் இல்லை.

இந்த 50 கிராமில் சர்க்கரை எவ்வளவு? இந்தியாவில் இந்தக் கேள்வி ஊர் முழுக்கப் பேசப்பட்டது 2023 ஏப்ரலில். ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்காட்டி, அதில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரைதான் என்று ஒரு வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் பல லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. ஒரு வேளைக்கான 20 கிராமில் சேர்த்த சர்க்கரை ஏழரை கிராம்தான், அதாவது ஒன்றரை டீஸ்பூன், அது குழந்தைகளுக்கான தினசரி வரம்புக்கு மிகக் கீழே என்பது நிறுவனத்தின் பதில். அந்த ஆண்டின் கடைசியில் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை 32.2 கிராமாகக் குறைத்தார்கள்.

வீடியோ பாதி சர்க்கரை என்றது, நிறுவனம் முப்பத்தேழு சதவீதம் என்றது. இரண்டுமே அதே லேபிளிலிருந்து வந்த கணக்குதான். லேபிளில் சர்க்கரைக்கு இரண்டு வரிகள் உண்டு. ‘டோட்டல் சுகர்ஸ்’ என்பது மொத்தம். அதில் பால் பவுடரிலிருந்து வரும் லாக்டோஸ், மால்ட்டிலிருந்து வரும் மால்ட்டோஸ், கூடுதலாகக் கொட்டிய வெள்ளைச் சர்க்கரை எல்லாம் அடக்கம். ‘ஆடட் சுகர்ஸ்’ என்பது அந்தக் கொட்டிய பங்கு மட்டும். பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வரியைத்தான்.

குறைத்த பிறகான அளவையே எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 32.2 கிராம் என்றால், 50 கிராமில் 16 கிராம். அதாவது மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல். இரண்டரை வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி போதும். சேர்த்த சர்க்கரையிலிருந்து வருவது மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு. இந்தக் குழந்தைக்கு அது 25 கிராம், அல்லது பன்னிரண்டரை கிராம். ஆக, சாப்பாட்டில் வேறு எந்த இனிப்பும் வருவதற்கு முன்பே, பவுடர் மட்டும் அந்த நல்ல வரம்பைத் தாண்டிவிட்டது. டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை தனியாகப் போடுகிற வீடுகள் நிறைய. இரண்டு டம்ளருக்குப் பத்து கிராம். மொத்தம் 26. பெரிய வரம்பும் போய்விட்டது. பிஸ்கட், சாக்லேட், கோயில் பொங்கல் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கணக்கே தேவையில்லை. அந்த வயதில் சர்க்கரை சேர்த்த எதையும் தரவேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சர்க்கரை சேர்த்த பானங்களே கூடாது என்று 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான 2023 வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

லேபிளில் இன்னொரு கட்டமும் உண்டு. ஒரு வேளைக்கு, அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கட்டம். சேர்த்த சர்க்கரைக்கு நேராக அங்கே 13 சதவீதம் போல ஒரு எண் இருக்கும். பார்க்கிறவருக்கு மனசு நிம்மதியாகிவிடும், நூறில் பதின்மூன்றுதானே என்று. அந்த நூறு யாருடைய நூறு? 2020இல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி இந்தச் சதவீதம் கணக்கிடப்படுவது 2000 கலோரி சாப்பிடும் சராசரிப் பெரியவருக்கு. அவருக்கு நாளுக்கு 50 கிராம் சர்க்கரை என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். டப்பாவின் முன்பக்கத்தில் துள்ளிக் குதிக்கிற குழந்தை, பின்பக்கத்தில் அப்பாவின் கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்தப் பதின்மூன்றை இரண்டால் பெருக்கினால்தான் 25 கிராம் வரம்பில் எவ்வளவு என்று தெரியும். ஐந்து சதவீத வரம்பை வைத்துப் பார்த்தால் நான்கால் பெருக்க வேண்டும். அப்போது ஒரே டம்ளர் பாதி நாளின் சர்க்கரை. விதியை மீறாமலே ஒரு லேபிள் பெற்றோரைத் திசை திருப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. இதை மாற்ற வேண்டியது அரசு. குழந்தைப் படம் போட்டு விற்கிற பொருளில் குழந்தைக்கான கணக்குதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒளிவிடம் பொருட்களின் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அது சர்க்கரைப் பவுடர்தான். சில டப்பாக்களில் சர்க்கரை ஒரே பெயரில் வராது. லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று பிரிந்து வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி அது. சர்க்கரை என்ற வரையறைக்குள் வராததால் ‘சுகர்’ வரியில் அது சேராது, ‘கார்போஹைட்ரேட்’ வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வயிற்றுக்குள் போனதும் விறுவிறுவென்று குளுக்கோஸாக மாறிவிடும்.

இந்தப் பவுடர்களின் வரலாறே ஒரு நல்ல யோசனையில்தான் தொடங்கியது. மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். தானியம் முளைக்கும்போது அதற்குள் அமைலேஸ் என்ற நொதி சுரக்கிறது. அது ஸ்டார்ச்சை உடைத்து இயல்பான இனிப்பைத் தருகிறது, கஞ்சியையும் இளக்கிவிடுகிறது. ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவில் 1883இல் காப்புரிமை பெற்ற மால்ட் பால் பொடி இந்த நுட்பத்தில் வந்ததுதான். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவாகத்தான் அது விற்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவச் சிப்பாய்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. பால் அரிதாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆரஞ்சு, ஒரு பன் பாக்கெட் என்று தமிழ்நாட்டில் ஒரு முறையே உருவானது. உடம்பைத் தேற்றுகிற பொருள் என்ற அந்த நம்பிக்கை பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்துவிட்டது. நம்பிக்கை அப்படியே இருக்கிறது. அலமாரியில் அதே வரிசையில் நிற்கிற பவுடர்கள் பலவற்றில் சர்க்கரைதான் கூடிப்போயிருக்கிறது.

2024 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. ஆன்லைன் கடைகள் இந்த மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும், பிறகு மத்திய வணிகத் துறை அமைச்சகமும் அறிவுறுத்தின. நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே இல்லை என்பதுதான் காரணம். பெரிய நிறுவனம் ஒன்று அதே மாதம் தன் பிரிவின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ என்று வைத்துக்கொண்டது. டப்பாவுக்குள் இருந்த பவுடர் அதனால் மாறவில்லை. கடைக்காரரிடம் போய் ‘ஒரு ஹெல்த் டிரிங்க் குடுங்க’ என்று கேட்கிற நம் வழக்கமும் மாறவில்லை.

பிறந்த நாளிலிருந்து இரண்டு வயது வரை சட்டம் குழந்தைக்குக் காவல் நிற்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் திருத்தப்பட்டது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கோ இணை உணவுக்கோ விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளன்று அந்தக் காவல் விலகிவிடுகிறது. ‘இரண்டு வயது முதல்’ என்று போட்ட சிறு குழந்தைகளுக்கான டப்பாக்கள் அலமாரியில் காத்திருப்பது இதனால்தான்.

அந்த வயதில்தான் வீட்டிலும் கவலை தொடங்குகிறது. குழந்தைகள் மருத்துவரின் அறையில் தினமும் ஒலிக்கிற வாசகம் ஒன்று உண்டு. “ஒரு வாய்கூட இறங்க மாட்டேங்குது டாக்டர். பால்ல இதக் கலந்தாத்தான் குடிக்கிறான்.”

முதல் ஆண்டில் குழந்தை மூன்று கிலோவிலிருந்து ஒன்பது கிலோவுக்கு வருகிறது. ஆறு கிலோ ஏற்றம். இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோ. அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ போல. வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். போதாததற்கு நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பொறுமை இருக்காது. ஒன்றரை வயதில் சாப்பாடு குறைவது பெரும்பாலும் இயற்கை. ஆனால் முந்தின ஆண்டு மூன்று இட்லி சாப்பிட்ட பிள்ளை இன்று ஒன்றோடு எழுந்து ஓடினால் எந்த அம்மாவுக்குத்தான் வயிறு எரியாது? அந்த எரிச்சலுக்கு மருந்தாகத்தான் டப்பா வீட்டுக்குள் வருகிறது.

வந்த பிறகு நடப்பது ஒரு சுற்று. காலை எட்டு மணிக்கு இட்லி வைத்தால் பிள்ளை வாயைத் திருப்புகிறது. ‘வெறும் வயித்தோட இருக்கானே’ என்று எட்டரைக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு ஸ்பூன் பவுடர், ஒரு ஸ்பூன் சர்க்கரை. வயிறு நிறைகிறது. பன்னிரண்டரைக்குப் பருப்புச் சாதம் நாலு வாய். நாலு மணிக்கு மறுபடி டம்ளர். இரவுச் சாப்பாடு வேண்டாம், தூங்கும்போது பாட்டிலில் பால். ‘சாப்பாடே இறங்கல’ என்ற புகார் இப்போது உண்மையாகவே உண்மை. சாப்பாட்டின் இடத்தைப் பால் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குத் தெரிந்த ஒரே கணக்கு, இட்லியை மறுத்தால் அரைமணியில் இனிப்பு வரும் என்பது.

இதில் முதலில் அடி வாங்குவது பல். இனிப்புப் பாலோடு தூங்கும் குழந்தையின் வாயில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். சர்க்கரை மேல்வரிசை முன்பற்களைச் சுற்றி மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடும். பால்பல்லின் எனாமல் மெல்லியது, சீக்கிரம் அரிக்கும். மாதம் ஒருமுறை பிள்ளையை மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈறை ஒட்டி, பல்லின் அடியில், சுண்ணாம்பு தடவினாற்போல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்தக் கட்டத்தில் இரவுப் பாட்டிலை நிறுத்தி, ஃப்ளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை துலக்கினால் பல் தேறிக்கொள்ளும். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு பேஸ்ட் போதும். கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பல் மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று விட்டால், பல் வலியில் சாப்பாடு இன்னும் குறையும்.

இரண்டாவது அடி கண்ணுக்குத் தெரியாமல் விழுகிறது. மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. அரை லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. குழந்தைக்கு நாளுக்கு வேண்டியது 8 மில்லிகிராம். பாலில் உள்ள கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவில் உள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. கோகோவுக்கும் அதே குணம் உண்டு. பவுடரில் இரும்புச்சத்து சேர்த்திருக்கிறார்கள் என்பது பொய்யில்லை, லேபிளில் அது இருக்கிறது. ஆனால் கோகோவோடும் பாலோடும் உள்ளே போகிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சிறிய பங்கு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கவலையால்தான். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் வெளிறியிருப்பது, மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்பது, காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது இவையெல்லாம் அடையாளங்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்த்துவிடும். இரும்புச்சத்துக்காகவே அரசு ஒரு சிரப் தருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி. அந்த ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் கிடைக்கும், காசு இல்லை.

பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் வரும் நறுமணப் பாலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பாலில் இயல்பாகவே 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் உண்டு. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். லேபிளில் ‘டோட்டல் சுகர்ஸ்’ 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால், அதில் ஐந்தைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் ஐந்து கிராம் கொட்டியது. 180 மில்லி பெட்டி என்றால் 9 கிராம், இரண்டு டீஸ்பூன் போல. பள்ளிவாசலில் அண்ணனுக்கு வாங்கும்போது தம்பிக்கும் ஒன்று என்று வாங்குகிற வழக்கத்தில் இந்த 9 கிராம் காலை, மாலை டம்ளர்களின் மேல் ஏறிக்கொள்ளும்.

பாதாம் பால் என்ற பெயரில் பெற்றோருக்கு ஒரு பலவீனம் உண்டு. மஞ்சள் நிறமும் பாதாம் படமும் பார்த்தால் சத்துதானே என்று தோன்றும். படம் போட்டு முன்னிறுத்தும் பொருள் எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு சதவீதம் என்றிருந்தால், 200 மில்லி பாட்டிலில் இரண்டு கிராம். ஒரு பாதாம் பருப்பே ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். ஆக, பாட்டிலுக்குள் இருப்பது இரண்டு பருப்புகூட இல்லை. வீட்டில் நாலு பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்துப் பாலில் கலந்தால் அதைவிட இரண்டு மடங்கு. முழுப் பருப்பை மட்டும் ஐந்து வயது வரை கையில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும்.

புரதத்துக்காகத்தான் பவுடர் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. பல மால்ட் பவுடர்களில் 100 கிராமுக்குப் புரதம் 7 முதல் 11 கிராம். ஒரு வேளை 20 கிராமில் அது ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம் சொச்சம். டம்ளர் பாலிலேயே ஆறு கிராம் இருக்கிறது. விளம்பரத்தில் வளர்கிற பிள்ளையை வளர்த்தது பெரும்பாலும் அந்தப் பால்தான். குவித்த ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, பத்து கிராம் போல, பவுடரின் பங்குக்கு ஈடான புரதத்தைத் தந்துவிடும். ஒரு முட்டை அதைப் போல மூன்று மடங்கு தரும்.

மால்ட் வேண்டுமென்றால் அதையும் வீட்டிலேயே செய்யலாம். அரைக்கிலோ கேழ்வரகைக் கல் பார்த்துக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளில் முளை விட்டுவிடும், மழைக்காலத்தில் இரண்டு நாளாகும். இடையில் இரண்டு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ வந்தால் அந்த மூட்டையைக் கொட்டிவிடுவதே நல்லது. முளை வெண்ணூலாக நீண்டதும் நிழலில் நன்றாக உலர்த்தி, வாணலியில் மெல்லிய தீயில் மணம் வரும்வரை வறுத்து, தனியாக 100 கிராம் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்துச் சலித்தால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். கருக வறுத்தால் கசக்கும். கசந்தால் அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடுவார். இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 150 மில்லி தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில் கால் டம்ளர் பால், ஒரு சிட்டிகை ஏலக்காய், மசித்த பாதி வாழைப்பழம். முளைகட்டியதால் கஞ்சி பசையாக இறுகாது. அதனால் மாவு கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் குழந்தை விழுங்கும், வயிறு நிறையும் அளவுக்குள் சத்தும் கூடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்கிற ஒரு தவறைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளைச் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவு நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ பனங்கற்கண்டோ போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. பல்லுக்கும் கலோரிக் கணக்குக்கும் இவை எல்லாமே சர்க்கரைதான். ஒரு ஸ்பூன் வெல்லத்தில் வரும் இரும்பு சொற்பம். கடையில் ‘வீட்டுமுறை சத்துமாவு’ என்று கிடைக்கும் பாக்கெட்டிலும் சர்க்கரையோ வெல்லமோ சேர்ந்திருக்கலாம், அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கன்வாடி சத்துமாவிலும் வெல்லம் உண்டு. ஆனால் அது வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்து, எடை குறைந்த பிள்ளைகளை மனதில் வைத்து இலவசமாகத் தரப்படுவது. அதைத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம், அதன் மேல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடாமல்.

பழகிவிட்ட பிள்ளையிடமிருந்து பவுடரை ஒரே நாளில் பிடுங்கினால் அழுகையும் சண்டையும்தான் மிஞ்சும். மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாலு நாள் தனியாகப் போடும் சர்க்கரையை மட்டும் பாதியாக்கி, அடுத்த நாலு நாளில் நிறுத்திவிட வேண்டும். அதே நேரத்தில் ஸ்பூனைக் கத்தியின் முதுகால் தலை தட்டப் பழகிக்கொள்ளலாம். பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் பவுடரைக் குறைத்து, அந்த இடத்தில் அரை ஸ்பூன் வறுத்த கேழ்வரகு மாவுக் கஞ்சியைக் கலக்கலாம். நிறம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் பிள்ளை அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. பாட்டிலை டம்ளராக மாற்றுவதும், பாலைச் சாப்பாட்டுக்கு முன் தராமல் சாப்பிட்ட பிறகு தருவதும் இதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். இரவு பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

சில பிள்ளைகள் நாலைந்து நாள் பாலையே தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடைவது அந்த மூன்றாம் நாளில்தான். அந்த நாட்களில் ஒரு கிண்ணம் தயிர், கேழ்வரகுக் கூழ், மோர் என்று கொடுத்தால் கால்சியம் குறைந்துபோகாது. புதிய ருசி ஒன்று குழந்தைக்குப் பிடிக்கப் பத்துப் பதினைந்து முறைகூட வைக்க வேண்டியிருக்கும். மூன்று முறை துப்பியதை வைத்து ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று எழுதிவிடக் கூடாது. எடை உண்மையிலேயே ஏறவில்லையா என்பதை அங்கன்வாடி வளர்ச்சி அட்டையின் கோடு சொல்லும். கோடு தட்டையாகவோ கீழ்நோக்கியோ போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அவரே ஒரு சத்துப் பவுடரை, இத்தனை நாளுக்கு என்று எழுதித் தருவார்.

பாட்டியோடுதான் கடைசிப் பேச்சுவார்த்தை. “ஒரு ஸ்பூன் போட்டா என்னடி ஆயிடும் புள்ளைக்கு?” என்பார். அவரிடம் சர்க்கரையின் சதவீதம் பேசிப் பயனில்லை. மூடியில் எழுதிய தேதியைக் காட்டி, “அத்தை, இருபத்தஞ்சு டம்ளருக்கு வரவேண்டிய டப்பா இது, பத்து நாள்ல முடிஞ்சிருச்சு” என்று சொன்னால், வீட்டுச் சாமான் கணக்கு தெரிந்தவர் ஆகையால், அடுத்த டப்பாவைத் திறக்கும்போது அவரே ஸ்பூனைத் தலை தட்டிப் போடுவார்.